பாட்டியின் வங்கிக் கடிதம்



விடுப்பு விண்ணப்பம், வாழ்த்து மடல், தெருவிளக்கு வேண்டி ஊராட்சி மன்றத்துக்கு விண்ணப்பம் எனப் பல கடிதங்களை வகுப்பில் எழுதிப் பழகியிருக்கிறீர்கள். வீட்டில் உள்ள முதியோருக்காக என்றேனும் ஒருநாள் நீங்கள் எழுத வேண்டி வரும் கடிதம் ஒன்றை இங்கே படிப்போம். வங்கி வைப்புத் தொகையின் வட்டியில் தவறாகப் பிடிக்கப்பட்ட வரியைச் சரிசெய்யக் கேட்கும் கடிதம் அது.

பாடத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நாமகிரிப்பேட்டையில் 72 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மாத ஓய்வூதியம் 24,000 ரூபாய். பணி ஓய்வின்போது வந்த பணத்தையும், மஞ்சள் விளைந்த நிலத்தை விற்ற பணத்தையும் சேர்த்து 12 லட்ச ரூபாயை ஊர் வங்கி ஒன்றில் வைப்பாகப் போட்டிருக்கிறார். வட்டி நூற்றுக்கு 7.5. ஆண்டுக்கு 90,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 22,500 ரூபாய் அவர் கணக்கில் வரவாக வேண்டும்.

2024 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் பாட்டி பாஸ் புத்தகத்தில் வரவு பதிந்து வந்தார். மேல்நிலை இரண்டாம் ஆண்டு வணிகவியல் படிக்கும் பேத்தியிடம் அதை நீட்டினார்.

"ஏங் கண்ணு, ஜூன் மாசமும் 20,250, செப்டம்பர் மாசமும் 20,250 தான் வந்திருக்குது. வட்டியக் கொறைச்சுப் போட்டாங்களா?"

பேத்தி வரவு வரிகளைப் பார்த்தாள். வட்டி குறையவில்லை. 22,500 ரூபாயில் பத்தில் ஒரு பங்கான 2,250 ரூபாய் இரண்டு முறையும் வரியாகப் பிடிக்கப்பட்டிருந்தது. மொத்தம் 4,500 ரூபாய்.

இப்படிப் பிடிக்க வங்கிக்கு உரிமை உண்டா? உண்டு. வருமான வரிச் சட்டம், 1961, பிரிவு 194ஏ-இன்படி வைப்பு வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால், வங்கி நூற்றுக்குப் பத்து பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. அறுபது வயது நிறைந்தவர்களுக்கு அந்த வரம்பு 2024-25ஆம் நிதியாண்டில் 50,000 ரூபாயாக இருந்தது; 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒரு லட்சம் ஆயிற்று. பாட்டியின் வட்டி 90,000 என்பதால் அந்த ஆண்டில் வரம்பைத் தாண்டியிருந்தது.

ஆனால் வரி பிடித்தம் வேறு, வரி வேறு. பிடித்தம் என்பது முன்பணம் போன்றது. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தைக் கணக்கிட்ட பிறகே ஒருவர் வரி கட்ட வேண்டியவரா என்பது தெரியும். பாட்டியின் ஓய்வூதியம் ஆண்டுக்கு 2,88,000, வட்டி 90,000, கூட்டினால் 3,78,000 ரூபாய். பழைய வரி முறையில் ஓய்வூதியத்துக்கு 50,000 ரூபாய் நிலைக் கழிவும், முதியோரின் வைப்பு வட்டிக்கு 50,000 ரூபாய் கழிவும் உண்டு. இரண்டையும் கழித்தால் மீதி 2,78,000. அவர் வயதினருக்கு மூன்று லட்சம் வரை வரியில்லை. புதிய வரி முறையில் கணக்கிட்டாலும், சட்டம் தரும் தள்ளுபடி போக வரி ஏதும் மிஞ்சாது.

இத்தகையோருக்காகவே படிவம் 15எச் இருந்தது. "என் மொத்த வருமானத்துக்கு வரி ஏதும் வராது, ஆகவே பிடித்தம் செய்ய வேண்டாம்" என்று அறுபது வயது நிறைந்தவர் வங்கிக்குத் தரும் உறுதிமொழி அது. ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். ஒவ்வோர் ஏப்ரலிலும் புதிதாகத் தர வேண்டும். பாட்டி 2024 ஏப்ரல் 8ஆம் தேதியே கொடுத்துவிட்டார். முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு பாஸ் புத்தக உறைக்குள் பத்திரமாக இருந்தது. வங்கியில் படிவத்தை வாங்கியவர் அதைக் கணினியில் பதிய மறந்திருக்கிறார்.

இது அரிதான தவறு அன்று. படிவம் கொடுத்தும் வரி பிடிக்கப்படுகிறது என்ற முறையீடுகள் வந்ததால், ரிசர்வ் வங்கி 2013 மே 31ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 15ஜி, 15எச் படிவங்களைப் பெறும்போதே ஒப்புகை தர வேண்டும் என்று அது வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அந்தச் சிறு சீட்டில் உள்ள தேதிதான் வழக்கைத் தீர்மானிக்கிறது. ஏப்ரல் 8 என்பது ஜூன் 30க்கு முந்தியது. ஆகவே இரு பிடித்தங்களும் தவறு. பாட்டி ஆகஸ்டில்தான் படிவம் கொடுத்திருந்தால், ஜூன் மாதப் பிடித்தத்தைத் தவறென்று சொல்ல முடியாது.

இனிக் கடிதத்துக்கு வருவோம். "4,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்" என்று ஒரே வரியில் எழுதினால் என்ன? வங்கியால் அப்படியே செய்ய இயலாது என்பதே சிக்கல். ஒரு மாதத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வங்கி அரசுக்குச் செலுத்திவிட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை உண்டு. ஜூன் மாதம் பிடித்த 2,250 ஜூலையிலேயே அரசுக் கருவூலத்துக்குப் போயிற்று; அது இப்போது வங்கியின் கையில் இல்லை. செப்டம்பர் 30 அன்று பிடித்த 2,250 அக்டோபர் 7 வரை வங்கியிடமே இருக்கக்கூடும். ஆகவே பணம் எங்கே இருக்கிறதோ அதற்கேற்பக் கோரிக்கையைப் பிரித்து எழுத வேண்டும். எழுதுவதிலும் தாமதம் கூடாது. பேத்தி அக்டோபர் 3ஆம் தேதியே எழுதிய கடிதம் இது:

அனுப்புநர்: (பெயர்), ஓய்வூதியர், நாமகிரிப்பேட்டை, இராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கியின் பெயர்), நாமகிரிப்பேட்டை.

நாள்: 3-10-2024

ஐயா,

பொருள்: படிவம் 15எச் கொடுத்த பின்னும் வைப்பு வட்டியில் பிடிக்கப்பட்ட வரியைச் சரிசெய்யக் கோருதல்.

பார்வை: 8-4-2024 நாளிட்ட தங்கள் ஒப்புகைச் சீட்டு.

தங்கள் கிளையில் எனக்குக் கீழ்க்கண்ட வைப்புகள் உள்ளன: எண் ........, ......... எனக்கு வயது 72. என் பான் எண் ......... 2024-25ஆம் நிதியாண்டுக்கான படிவம் 15எச்-ஐ 8-4-2024 அன்று தங்களிடம் கொடுத்து ஒப்புகை பெற்றுள்ளேன். ஆயினும் 30-6-2024 அன்று ரூ. 2,250, 30-9-2024 அன்று ரூ. 2,250, ஆக மொத்தம் ரூ. 4,500 வரியாகப் பிடிக்கப்பட்டுள்ளது. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

1. என் படிவத்தை 8-4-2024 முதல் பதிவு செய்து, இனிப் பிடித்தம் நேராமல் நிறுத்தவும்,

2. 30-9-2024 அன்று பிடித்த ரூ. 2,250 இன்னும் அரசுக்குச் செலுத்தப்படவில்லையெனில் அதை என் சேமிப்புக் கணக்கில் திரும்ப வரவு வைக்கவும்,

3. அரசுக்குச் செலுத்தப்பட்டுவிட்ட தொகைக்கு, என் பான் எண் குறித்த படிவம் 16ஏ சான்றிதழ் வழங்கவும்,

4. எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இணைப்பு: ஒப்புகைச் சீட்டின் நகல், பாஸ் புத்தகப் பக்கத்தின் நகல்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இக்கடிதத்தில் கோபமான சொல் ஒன்றும் இல்லை. "நான் ஏழை, முதியவள்" என்ற முறையீடும் இல்லை. தேதி, தொகை, சான்று, கோரிக்கை ஆகிய நான்குமே உள்ளன. இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் வங்கியின் முத்திரையும் தேதியும் பெற்றுவர வேண்டும். மூலச் சீட்டை ஒருபோதும் கொடுத்துவிடக் கூடாது, நகல் போதும்.

மூன்றாம் கோரிக்கை ஏன்? அரசுக்குப் போன 2,250 ரூபாயை வருமான வரித் துறைதான் திருப்பித் தரும். நிதியாண்டு முடிந்த பின் பாட்டி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, "எனக்கு வரியில்லை, ஆனால் 2,250 பிடிக்கப்பட்டுள்ளது" என்று காட்ட வேண்டும். துறை சரிபார்த்து அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்பும். வரி கட்டத் தேவையில்லாதவர் கணக்குத் தாக்கல் செய்வானேன் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பணமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

தாக்கல் செய்யுமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் பான் எண்ணின் கீழும் எவ்வளவு வரி செலுத்தப்பட்டுள்ளது என்பதைத் துறையின் படிவம் 26ஏஎஸ் காட்டும். அதில் 2,250 இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், வங்கி காலாண்டுக் கணக்கு அனுப்பும்போது பான் எண்ணைத் தவறாகக் குறித்திருக்கலாம். அதைத் துறை தானாகத் திருத்தாது. வங்கிதான் திருத்தக் கணக்கு அனுப்ப வேண்டும். அப்போது அதைக் கேட்டு இரண்டாவது கடிதம் எழுத வேண்டியிருக்கும். பிடித்தம் நூற்றுக்கு இருபதாக இருந்தால், பான் எண் வங்கியில் பதிவாகவில்லை அல்லது ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்துவிட்டது என்று ஐயுற வேண்டும்.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். முத்திரை பெற்ற அந்த இரண்டாம் பிரதி அங்கே சான்றாகும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், வருமான வரிச் சட்டம், 2025, 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்குரியது. அதனால் அதற்குப் பிந்திய ஆண்டுகளுக்கு எழுதும்போது, மேலே கண்ட பிரிவு எண்ணையும் படிவ எண்களையும் அப்படியே பார்த்தெழுதாமல், அவ்வாண்டுக்குரியவற்றை வங்கியில் கேட்டு எழுதுங்கள்.

பயிற்சி: இதே பாட்டி கடிதத்தை அக்டோபர் 20ஆம் தேதி எழுதுகிறார் என்று கொள்க. நான்கு கோரிக்கைகளில் எது பயனற்றதாகும்? வருமான வரித் துறையிடமிருந்து அவர் திரும்பப் பெற வேண்டிய தொகை எவ்வளவாகும்? விடையைக் காரணத்துடன் எழுதிப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பாட்டியின் பாஸ் புத்தகத்தையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.