கிரெடிட் குறிப்பும் டெபிட் குறிப்பும்: சரக்கு வழங்குநர் எதனை, எப்போது அனுப்ப வேண்டும்

இலங்கையில் கணக்கியல் கற்றவருக்கு ‘வரவு’ என்பது டெபிட். தமிழ்நாட்டில் கற்றவருக்கோ அதே சொல் கிரெடிட்டைக் குறிக்கும். ஒன்ராறியோவில் இவ்விருவரும் ஒரே கடையின் கணக்கேடுகளைப் பார்க்க நேர்வதுண்டு. ஆகவே இக்கட்டுரையில் டெபிட், கிரெடிட் என்ற சொற்களே ஆளப்படுகின்றன.

விலைப்பட்டியல் அனுப்பப்பட்ட பின்னர், வாங்கியவர் செலுத்த வேண்டிய தொகை குறைந்தால் சரக்கு வழங்குநர் கிரெடிட் குறிப்பு அனுப்புகிறார். அத்தொகை கூடினால் டெபிட் குறிப்பு அனுப்புகிறார். இப்பெயர்கள் வழங்குநரின் ஏட்டிலிருந்து பிறந்தவை. வாடிக்கையாளர் பெயரிலுள்ள கணக்கில் கிரெடிட் பதிந்தால் அவரது கடன் குறையும்; டெபிட் பதிந்தால் கூடும்.

ஸ்கார்பரோவில் உணவகங்களுக்கு உணவுப் பெட்டிகள் விற்கும் ஒரு மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். அவர் மார்ச் மாதத்தில் ஓர் உணவகத்திற்கு 100 அட்டைப்பெட்டிச் சரக்கை, ஒன்று 40 டொலர் வீதம் அனுப்புகிறார். விலை 4,000 டொலர். 13 விழுக்காடு எச்.எஸ்.டி. வரி 520 டொலர். மொத்தம் 4,520 டொலர். அவற்றுள் 10 பெட்டிகள் மழையில் நனைந்து பயனற்றுப்போக, உணவகம் அவற்றைத் திருப்பி அனுப்புகிறது. வியாபாரி ஏப்ரல் 6ஆம் திகதி 400 டொலருக்கும் அதற்குரிய வரி 52 டொலருக்கும் சேர்த்து, 452 டொலருக்குக் கிரெடிட் குறிப்பு எழுதுகிறார். மீதி 4,068 டொலர்.

பழைய விலைப்பட்டியலைக் கணினியில் திறந்து 100 என்பதை 90 என்று மாற்றிவிட்டால் என்ன என்று பலருக்குத் தோன்றும். அது கூடாது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரிப் படிவம் அனுப்புபவரானால், மார்ச் விற்பனையின் 520 டொலர் வரி முதற் காலாண்டுக்கு உரியது. குறைக்கப்படும் 52 டொலர், கிரெடிட் குறிப்பு எழுதப்பட்ட ஏப்ரல்–ஜூன் காலாண்டில்தான் கழிக்கப்பட வேண்டும். உணவகம் 520 டொலர் முழுவதையும் உள்ளீட்டு வரிக் கழிவாகக் கோரியிருந்தால், அதுவும் 52 டொலரைத் தன் படிவத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும். குறிப்பில் அது கிரெடிட் குறிப்பு என்ற வாசகம், இரு தரப்பாரின் பெயர்கள், வழங்குநரின் எச்.எஸ்.டி. பதிவு எண், திகதி, குறைக்கப்பட்ட வரித் தொகை ஆகியவை காணப்பட வேண்டும். மூல விலைப்பட்டியலின் எண்ணையும் எழுதுவது நன்று. அதன் பயன் பின்னர் தெரியவரும்.

சில நாட்களின் பின், ஒப்புக்கொண்ட விலை 43 டொலர் என்பதும், தட்டச்சுப் பிழையால் 40 என்று பதிந்ததும் வியாபாரிக்குத் தெரியவருகின்றன. உணவகமும் அதனை ஏற்கிறது. இப்போது தேவைப்படுவது டெபிட் குறிப்பு. ஆனால் எத்தனை பெட்டிகளுக்கு? திரும்பிவந்த பத்தும் பழைய விலையிலேயே கழிக்கப்பட்டுவிட்டதால், எஞ்சிய 90 பெட்டிகளுக்கு மட்டுமே. மூன்று டொலர் வீதம் 270 டொலர், வரி 35.10 டொலர், மொத்தம் 305.10 டொலர். இதனை 4,068உடன் கூட்டினால் 4,373.10 டொலர். தொண்ணூறு பெட்டிகளைத் தொடக்கத்திலேயே 43 டொலருக்கு விற்றிருந்தாலும் வரியுடன் இதே தொகைதான் வரும். இச்சோதனை பிழைத்தால் குறிப்புகளில் ஒன்று தவறானது. கூடுதல் தொகைக்கும் வரி உண்டு என்பதால், வரித்தொகையும் பதிவு எண்ணும் இதிலும் இடம்பெற வேண்டும். இல்லையேல் உணவகத்தால் அந்த 35.10 டொலரைக் கோர இயலாது. ‘டெபிட் குறிப்பு’ என்று தலைப்பிடாமல் மேலதிக விலைப்பட்டியலாக அனுப்புவோரும் உளர், விளைவு ஒன்றே.

கனடிய வரிச் சட்டத்தில் ‘டெபிட் குறிப்பு’ எனப்படுவதோ வேறொன்று. விலை குறையும்போது வழங்குநரின் கிரெடிட் குறிப்புக்குப் பதிலாக, வாங்கியவரே எழுதி அனுப்பும் தாள் அது. குழப்பம் இங்கேதான் நேர்கிறது. நனைந்த பெட்டிகளுக்காக உணவகமும் 452 டொலருக்கு டெபிட் குறிப்பு அனுப்ப, வியாபாரியின் கணக்கர் அதனையும் தம் கிரெடிட் குறிப்பையும் பதிந்துவிட்டால், 904 டொலர் குறைந்துவிடும். வரியும் 52க்குப் பதிலாக 104 டொலர் கழிந்துவிடும். ஒரே குறைப்புக்கு ஒரே தாள்தான் செல்லும். மாத இறுதிக் கணக்கறிக்கையில் ஒரே விலைப்பட்டியல் எண்ணுக்கு எதிரே ஒரே தொகை இருமுறை கழிந்திருந்தால், அது பெரும்பாலும் இப்பிழையே.

குறித்த நாளுக்குள் பணம் செலுத்துவோருக்கு விலைப்பட்டியலிலேயே தள்ளுபடி அறிவிக்கப்பட்டிருந்தால், வரி முழு விலைக்கே உரியது. தள்ளுபடிக்காக வரியைக் குறைத்துக் கிரெடிட் குறிப்பு எழுதுதல் பிழை. வாடிக்கையாளர் பணம் தராமலே போனாலும் கிரெடிட் குறிப்பு பொருந்தாது. வாராக்கடனுக்கென வரிச் சட்டத்தில் தனி விதி உள்ளது.