டோஃபில்: மூணாவது ஆளா நீங்க என்ன சொல்லப் போறீங்க?

டோஃபில் எழுதப் போறவங்களுக்கு 2023 ஜூலையில ஒரு புதுக் கேள்வி வந்துச்சு. திரையில ஒரு பேராசிரியர் கேள்வி கேட்டிருப்பார். ரெண்டு மாணவர்கள் அதுக்கு ஏற்கெனவே பதில் போட்டிருப்பாங்க. அவங்களோட விவாதத்துல நீங்களும் சேர்ந்துக்கணும். நேரம் 10 நிமிஷம், குறைந்தது 100 வார்த்தை, மதிப்பெண் 0 முதல் 5 வரை.

இலக்கணத்தை விடுங்க, பலர் மாட்டிக்கிற இடம் வேற. முதல் மாணவர் சொன்னதையே வார்த்தை மாத்தி எழுதிட்டு "நானும் ஒத்துக்கறேன்"னு முடிச்சிடுவாங்க. படிக்க அழகா இருக்கும். ஆனா விவாதத்துக்கு நீங்க சேர்த்தது என்னன்னு பார்த்தா ஒண்ணும் இருக்காது. கேள்வியில இருக்கிற வாக்கியங்களையே எடுத்துப் போட்டா மதிப்பெண் அடிமட்டத்துக்குப் போயிடும்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். வகுப்புக்கு வருகை கட்டாயமா இருக்கணுமா? (நமக்குத் தெரியாத விஷயமா!) முதல் மாணவர், "கட்டாயம் வேணும், அப்பதான் ஒழுங்கு வரும்"கிறார். ரெண்டாமவர், "வேண்டாம், வேலை பார்த்துக்கிட்டே படிக்கிறவங்க வீடியோ பார்த்துப் படிச்சுக்கலாம்"கிறார்.

கட்டாயம் வேணும்னு நீங்க முடிவு பண்றீங்கன்னு வைங்க. அடுத்து ஒழுங்கு, நேர மேலாண்மைன்னு போனீங்கன்னா அது முதல் ஆளோட பதில்தான். கொஞ்சம் கவனிங்க: ரெண்டு பேருமே வராதவனைப் பத்தி மட்டும்தான் பேசறாங்க. வந்தவனைப் பத்தி யாருமே பேசலை. உங்களுக்கான இடம் அதுதான்.

இப்போ பதிலைக் கட்டலாம். முதல் வாக்கியத்துலயே நிலைப்பாடு: வருகை கட்டாயமா இருக்கணும். அடுத்து ரெண்டாமவருக்கு ஒரே ஒரு வாக்கியம்: வீடியோ பாடத்தைக் கொடுக்கும், ஆனா கூட வேலை செய்ய ஆள் கொடுக்காது. அப்புறம் உங்க புதுக் காரணம்: ஒருத்தர் வராதது மத்தவங்க படிப்பையும் கெடுக்கும். அதுக்கு ஒரு உதாரணம்: லேப்ல நாலு பேர் குழு, ரெண்டு பேர் வரலை. ஒருத்தர் சர்க்யூட் கட்டி, இன்னொருத்தர் ரீடிங் எடுத்து எழுதறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது. ரீடிங் ஏன் அப்படி வந்துச்சுன்னு பேச யாருக்கும் நேரமில்லை. இதை ஆங்கிலத்துல விரிச்சு எழுதினா 120 வார்த்தை தாராளமா வந்துடும்.

உதாரணத்தைப் பாதியில விட்டுடாதீங்க. "லேப்ல கஷ்டமாகும்"னு நிறுத்தினா அது வெறும் அறிவிப்பு. யாருக்கு என்ன கஷ்டம், அதனால என்ன ஆச்சுங்கிறது வரைக்கும் போகணும்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரி"ன்னு எழுதலாமான்னு கேட்பீங்க. எழுதலாம், ஆனா எப்போ யார் சரின்னு பிரிச்சுக் காட்டணும்: லேப்புக்குக் கட்டாயம், லெக்சருக்கு விருப்பம். பிரிக்காம விட்டா நழுவற பதில் மாதிரி ஆயிடும்.

நேரத்துக்கு என் கணக்கு: படிச்சு யோசிக்க 2 நிமிஷம், எழுத 6, பிழை பார்க்க 2. யோசிக்கிற அந்த 2 நிமிஷத்துல ஒரு சின்னச் சோதனை. உங்க காரணத்தை நாலு வார்த்தையில சொல்லிப் பாருங்க. அந்த நாலு வார்த்தை மேலே இருக்கிற ரெண்டு பதில்ல ஏதாவது ஒண்ணுக்குப் பொருந்தினா, வேற காரணம் தேடுங்க.