நன்றியுரையில் திக்கும் பெயர்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சிறு வயதிலிருந்தே எனக்குத் திக்குவாய் உண்டு. குரலும் மெல்லியது, கடைசி பெஞ்சுக்கு எட்டாது. வகுப்பில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். இந்த ஆண்டு விழாவில் நன்றியுரையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அ, க, ப மூன்றிலும் எனக்கு அடைத்துக்கொள்ளும். ‘அனைவருக்கும்’ என்று தொடங்கவே வருவதில்லை. சிறப்பு விருந்தினரின் பெயரோ ப-வில் தொடங்குகிறது. திக்கும் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு வேறு சொற்கள் போட்டு எழுதிக்கொள்ளலாமா? அப்படிச் செய்தால் பயந்து ஒதுங்குவதாகிவிடுமா?
– ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: எழுதும்போது மாற்றுங்கள், பேசும்போது மாற்றாதீர்கள். இந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வீட்டில் உட்கார்ந்து, பேச எளிதான வாக்கியமாகப் பார்த்து எழுதுவது தயாரிப்பு. மேடையில் ஒரு சொல் வரப்போவதைப் பார்த்துப் பயந்து, கடைசி நொடியில் வேறு சொல்லுக்குத் தாவுவதுதான் ஒதுங்கல். தாவித் தப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் மீதான பயம் கூடும். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குத் திக்குவாய் இருந்தது. அவருக்குப் பயிற்சி கொடுத்த லயனல் லோக், உரையின் பிரதியை முன்கூட்டியே வாங்கி, இடறும் சொற்களை மாற்றுவார். எங்கே நிறுத்த வேண்டும் என்று குறியும் போட்டுத் தருவார். நீங்களும் அதையே செய்யப்போகிறீர்கள்.

திக்கல் பெரும்பாலும் சொல்லின் முதல் ஒலியில்தான் வரும். அதிலும் வாக்கியத்தின் முதல் சொல்லில் அதிகம். ‘வணக்கம்’ என்ற சொல்லுக்கு நடுவே இருக்கும் க உங்களைத் தடுக்காது. ‘கல்வி’யின் க தடுக்கும். ஆகவே உரை முழுவதும் க-வையும் ப-வையும் தேடி அழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மூச்சும் எந்த ஒலியில் தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

க, ப போன்ற ஒலிகளில் காற்று ஒரு கணம் முழுவதும் அடைபடுகிறது. உதடோ நாக்கோ அங்கே இறுகினால் சொல் நின்றுவிடும். ம, ந, வ, ய, ல ஆகியவற்றில் குரல் அறுபடாமல் ஓடும்; அவற்றை மெதுவாக நீட்டித் தொடங்கலாம். இவற்றுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இவை குரலோடு பிறக்கும் ஒலிகள் என்பதால் மெல்லிய குரலும் தொடக்கத்திலேயே காதில் விழும். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு நம் பேச்சே ஒரு வழி வைத்திருக்கிறது. ‘எல்லோரும்’ என்பதை வாய் இயல்பாக ‘யெல்லோரும்’ என்று வழுக்கித் தொடங்கும்; ‘ஒன்று’ என்பதை ‘வொண்ணு’ என்று தொடங்கும். அ-வுக்கு அப்படி ஒரு துணை கிடையாது. பல சமயம் தொண்டை மூடித் திறந்துதான் அது பிறக்க நேர்கிறது. ‘அனைவருக்கும்’ உங்களுக்கு அடைப்பதற்கு அது காரணமாக இருக்கலாம். ‘வணக்கம். வந்திருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம்’ என்று தொடங்கிப் பாருங்கள். இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்கு ம-வும் வ-வும்தான் தடை. உங்கள் பட்டியல்தான் உங்களுக்கு அளவுகோல்.

இப்போது பெயருக்கு வருவோம். பெயரை மாற்ற முடியாது, விடவும் கூடாது. அதனால் பெயருக்கு முன்னால் இருப்பதைத்தான் சீர்செய்ய வேண்டும். விருந்தினர் பெயர் பரமசிவம், பதவி மாவட்டக் கல்வி அலுவலர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான நன்றியுரை இப்படி இருக்கும்: ‘பரமசிவம் அவர்கள் தமது பல்வேறு பணிகளுக்கிடையிலும் நமது அழைப்பினை ஏற்று இவ்விழாவிற்கு வருகை தந்து சிறப்பித்தமைக்காக எங்கள் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ கடினமான ஒலி முதலிலேயே நிற்கிறது. அதைக் கடந்தாலும் வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். தமிழில் சொற்களை முன்பின்னாக நகர்த்த முடியும். அதைப் பயன்படுத்தி இப்படி எழுதுங்கள்:

விழாவுக்கு வந்திருக்கிறார்கள் /
மாவட்டக் கல்வி அலுவலர் /
மதிப்புக்குரிய அய்யா பரமசிவம் அவர்கள். //
வேலைகள் எவ்வளவோ இருந்தும் /
நம் அழைப்பை ஏற்றார்கள். //
எங்கள் பள்ளியின் நன்றி.

ஒற்றைக் கோடு சிறு நிறுத்தம். இரட்டைக் கோடு முழு மூச்சு. மூன்றாம் வரியைக் கவனியுங்கள். ‘மதிப்புக்குரிய’ முன்னால் இருப்பதால் அய்யாவின் அ-வும் மூச்சின் தொடக்கத்தில் நிற்கவில்லை. கோடு ‘மதிப்புக்குரிய’ என்பதற்கு முன்னால் இருக்கிறது. பெயருக்கு முன்னால் இல்லை. பெயரை மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று அதற்கு முன் நிறுத்துவது பலருடைய பழக்கம். நிறுத்தினால் ப-வில் புதிதாகத் தொடங்க வேண்டியதாகிவிடும். ‘அய்யா’வின் கடைசி ஆ-வை லேசாக நீட்டி, குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதடுகளைத் தொட்டும் தொடாமலும் சேருங்கள். ப-வைச் சொல்லும்போது வாய்க்கு எதிரே உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். தமிழ்ப் ப-வுக்குப் பெரிய மூச்சு தேவையில்லை. கையில் காற்று பலமாக அடித்தால் உதட்டை அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

மெல்லிய குரலுக்கு ஆபத்து வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். மூச்சும் அங்கேதான் குறையும். ‘மாணவர்கள் உதவி இல்லாமல் இந்த விழா நடந்திருக்காது’ என்று சொல்கிறீர்கள். கடைசி ஒலிகள் கரைந்துபோனால், நீங்கள் சொன்னது ‘நடந்திருக்காது’ என்பதா ‘நடந்திருக்கும்’ என்பதா என்று பின்வரிசைக்குத் தெரியாது. ஆகவே ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். வினைக்கும் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். ‘மாணவர்கள் உதவினார்கள். // விழா நடந்தது’ என்றால் இரண்டு வினைகளும் தெளிவாகக் கேட்கும். சத்தத்தைக் கூட்ட முயலாதீர்கள். தொண்டை இறுகித் திக்கலும் கூடும். மைக்கை நெருங்குங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் அதில் விழும் ஒலியழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நான்கு விரற்கடைத் தூரத்தில், வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ப-வின் காற்றும் இடிக்காது.

தனியாக ஒத்திகை பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். திக்குவாய் உள்ளவர்களில் பெரும்பாலோர் தனிமையில் சரளமாகப் பேசுவார்கள். சக ஆசிரியை ஒருவரை எதிரே உட்காரவைத்து வாசியுங்கள். ஒரே பிரதியைத் தொடர்ந்து வாசித்தால் திக்கல் குறையும். முதல் ஐந்து வாசிப்புகளுக்குள் அந்தக் குறைவின் பெரும்பகுதி வந்துவிடும். அந்தப் பலன் நெடுநேரம் நிற்காது. அதனால் விழா நாளன்றும் வாசியுங்கள்.

ஒலியைத் தேர்ந்தெடுப்பது சுமையைக் குறைக்கும், திக்குவாயைத் தீர்க்காது. தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல் மாதத்துக்கு மாதம் நீண்டால், இந்த முறை கை மீறுகிறது என்று பொருள். பேச்சு சிகிச்சையாளரைப் பாருங்கள். குரல் முன்பு நன்றாக இருந்து அண்மையில் மெலிந்து, சில வாரங்களாகியும் திரும்பவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் பெயரில் அடைத்துக்கொள்ளலாம். அப்போது உந்தித் தள்ளாதீர்கள், வேறு சொல்லும் தேடாதீர்கள். உதட்டைத் தளர்த்துங்கள், ஒரு மூச்சு விடுங்கள், ‘மதிப்புக்குரிய’ என்பதிலிருந்து மறுபடி தொடங்கி அதே பெயரைச் சொல்லி முடியுங்கள்.