பெட்டியைப் போடுவதற்கு முன்னால்

சிங்கப்பூரில் நகை வாங்கினால் விமான நிலையத்தில் வரியைத் திருப்பிக் கொடுக்கிறார்களாமே? இந்தச் சலுகையை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
- ஒரு வாசகி, காரைக்குடி

சலுகை என்று சொல்லாதீர்கள் அம்மா, அது உங்கள் பணம். பல வருஷமாக இந்தப் பகுதியில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த நாட்டில் பொருள் பயன்படுகிறதோ அந்த நாட்டுக்குத்தான் விற்பனை வரி சேர வேண்டும். சங்கிலி காரைக்குடியில் கழுத்தில் ஏறப்போகிறது என்றால் சிங்கப்பூர் அரசுக்கு அதில் பங்கு இல்லை. கப்பலில் சரக்கு ஏற்றுமதி செய்கிறவருக்கு வரி கிடையாது. கைப்பையில் ஏற்றுமதி செய்கிற உங்களுக்கும் கிடையாது. அவ்வளவுதான் தத்துவம்.

வேரைத் தேடினால் பிரான்சுக்குப் போக வேண்டும். மொரிஸ் லோரே என்ற வரித்துறை அதிகாரி வகுத்த மதிப்புக்கூட்டு வரி 1954-ல் அங்கே வந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் கணக்கு இருப்பதால், ஒரு பொருளின் மீது எவ்வளவு வரி ஏறியிருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தது. எவ்வளவு என்று தெரிந்தால்தானே திருப்பிக் கொடுக்க முடியும்? சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 1994-ல் 3 சதவீதமாக நுழைந்தது. 2024 முதல் 9 சதவீதம். 3 சதவீதத்தைக் கேட்க வரிசையில் நிற்பதைவிட காபி குடிக்கப் போகலாம். 9 சதவீதத்துக்கு நிற்கத்தான் வேண்டும்.

இதையும் டியூட்டி ஃப்ரீ கடையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. டியூட்டி ஃப்ரீ, 1947-ல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் பிரெண்டன் ஓரீகன் என்பவர் தொடங்கியது. அங்கே வரி போடாமலே விற்கிறார்கள். நாம் பேசுவது ஊருக்குள் வரியோடு வாங்கி, புறப்படும்போது திரும்பக் கேட்பது.

நான் 1,090 டாலருக்குச் சங்கிலி வாங்கினால் கைக்கு எவ்வளவு வரும்?
- அதே வாசகி

1,090-ல் 9 சதவீதம் என்று 98 டாலருக்குக் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். சங்கிலியின் விலை 1,000, அதன் மேல் வரி 90, சேர்த்துத்தான் 1,090. ஆகவே உச்சம் 90 டாலர். அதிலும் திருப்பித் தரும் வேலையைக் கடைக்காகச் செய்யும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். கழித்தபின் உங்களுக்கு என்ன வரும் என்று பில் போடும்போதே கேளுங்கள்.

சங்கிலிக்குப் பதிலாக முதலீட்டுத் தங்கக் கட்டி வாங்கினால் திரும்ப ஒரு காசும் வராது. 99.5 சதவீதத் தூய்மையுள்ள கட்டிக்கு 2012 முதல் அங்கே ஜிஎஸ்டியே இல்லை. கட்டாத வரியை யார் தருவார்?

கடையில் மூன்று விஷயம் பார்த்தால் போதும். அந்தக் கடை இந்தத் திட்டத்தில் இருக்கிறதா. எல்லாக் கடையும் இல்லை. வரியோடு சேர்த்து 100 டாலருக்கு வாங்கியிருக்கிறீர்களா. அதே கடையில் அதே நாளில் போட்ட மூன்று பில் வரை சேர்த்துக்கொள்ளலாம். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா. கடைக்காரர் பாஸ்போர்ட் எண்ணோடு வாங்கிய விவரத்தைக் கணினியில் ஏற்றினால்தான் விமான நிலைய இயந்திரத்தில் அது தெரியும். பாஸ்போர்ட்டை ஓட்டல் லாக்கரில் பத்திரமாகப் பூட்டிவிட்டு நகைக்கடைக்குப் போகிறவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள்.

பெட்டியைப் போட்டுவிட்டுச் சாவகாசமாக வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?
- ஒரு வாசகர், திருச்சி

கூடவே கூடாது! இந்த ஒரு வரியை எழுதத்தான் இந்த வாரம் பேனாவையே எடுத்தேன்.

பொருள் நாட்டைவிட்டுப் போகிறது என்பதுதான் பணம் திரும்புவதற்குக் காரணம். அதனால் சுங்க அதிகாரி, "பொருளைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். எல்லாரிடமும் கேட்பதில்லை. கேட்கும்போது உங்கள் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போயிருந்தால் கதை முடிந்தது. பில்லை மட்டும் நீட்டிப் பயன் இல்லை.

சாங்கி விமான நிலையத்தில் அதனால்தான் இயந்திரங்களை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார்கள். பெட்டியில் போகும் பொருளுக்குச் செக்-இன் கூடத்தில், குடிநுழைவுக்கு முன்னால். கையோடு எடுத்துப் போகும் பொருளுக்குக் குடிநுழைவைத் தாண்டி உள்ளே. புடவைகளும் மிக்சியும் பெட்டியில், சங்கிலி கைப்பையில் என்றால், பெட்டிச் சாமான்களுக்கு வெளியிலேயே முடித்துவிட்டுத்தான் பெட்டியைப் போட வேண்டும்.

இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்ததும் வாங்கிய பட்டியல் திரையில் வரும். சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ரொக்கமா கிரெடிட் கார்டா என்று தேர்ந்தெடுத்தால் ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டைப் படிக்காமல் மடித்துப் பையில் வைக்காதீர்கள். அனுமதி என்றிருந்தால் நல்லது. சுங்கப் பரிசோதனைக்குப் போகச் சொல்லியிருந்தால் பொருள், அசல் பில், பயணச்சீட்டு மூன்றோடும் அந்தக் கவுன்டருக்குப் போக வேண்டும். ரொக்கம் கேட்டவர்கள் உள்ளே போனபின் அதற்கான கவுன்டரில் பெற்றுக்கொள்வார்கள். கார்டுக்கு என்றால் சில நாள் ஆகும். ஆனால் இன்னொரு வரிசை மிச்சம்.

சென்னை, திருச்சி விமானம் ஏறுகிறவர்கள் எல்லாம் கனத்த பெட்டியோடு ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். வாங்கிய சாமான்களைப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். அடியில் வைத்தால் கூடத்தின் நடுவில் வீட்டுத் துணி அத்தனையும் கடை பரப்ப வேண்டிவரும். வாங்கி இரண்டு மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். ஊருக்கு வந்தபின் விண்ணப்பிக்க வழி இல்லை.

என் மகன் அங்கே வேலையில் இருக்கிறான். அவன் வாங்கியதை என் பாஸ்போர்ட்டில் போடலாமா?
- ஒரு தந்தை, புதுக்கோட்டை

போடாதீர்கள் ஐயா. வேலை அனுமதியில் அங்கே இருப்பவருக்கு இது கிடையாது, நிரந்தரவாசிக்கும் கிடையாது. பயணியே வாங்க வேண்டும், அவரே எடுத்துப் போக வேண்டும். ஆயிரம் டாலர் சங்கிலிக்காக மகனின் வேலையைப் பணயம் வைப்பது வீண்.

ஜோகூரிலிருந்து பஸ்ஸில் போய் வாங்கினால்?
- ஒரு வாசகர், மலேசியா

கிடைக்காது. விமானத்தில் போகிறவர்களுக்கும், குறிப்பிட்ட முனையங்களில் வெளிநாடு செல்லும் உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்களுக்கும் மட்டும்தான். உட்லண்ட்ஸ் பாலத்தில் தினமும் போய்வருகிற கூட்டத்தில் யார் பையில் என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தால், மாலைக்குள் யாரும் வீடு போய்ச் சேர மாட்டார்கள்.

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கும் வெள்ளைக்காரருக்கு நாம் ஏன் கொடுப்பதில்லை?
- ஒரு நெசவாளர், காஞ்சிபுரம்

கேட்டீர்களே, இதற்காகத்தான் காத்திருந்தேன்! சட்டத்தில் இடம் இருக்கிறது. 2017-ன் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தில் 15-வது பிரிவைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மிகாமல் தங்கிப்போகும் வெளிநாட்டுப் பயணி கொண்டுபோகும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தரலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் 2017-ல் மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் உயிர் கொடுத்தபோது இதை மட்டும் விட்டுவிட்டார்கள். இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஓர் அறிவிக்கையும், மீனம்பாக்கத்தில் ஒரு கவுன்டரும் வேண்டும். உங்கள் நெசவாளர் சங்கத்தின் பெயரில் நிதி அமைச்சகத்துக்கு எழுதுங்கள். 15-வது பிரிவு என்று எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.