பத்து பகாட்டும் பாசிர் கூடாங்கும் வெடிக்காமல் பதிய

ஜொகூரைப் பற்றிக் குரல் பதிகிறவருக்கு ஊர்ப் பெயர்களே பரீட்சை வைக்கும். பத்து பகாட், பொந்தியான், பாசிர் கூடாங், ஜொகூர் பாரு என்று மைக்கில் அழுத்திச் சொல்லிக் கேளுங்கள். மூடிய உதடு திறக்கும்போது வெளியேறும் காற்று மைக்கின் சவ்வில் மோதி ‘டப்’ என்று விழும். வாய்க்கு நேரே உள்ளங்கையை வைத்தால் அந்தக் காற்று கையிலேயே படும்.

முதலில் மைக்கை அந்தக் காற்றின் வழியிலிருந்து விலக்குங்கள். வாய்க்கு நேராக இருப்பதைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, அதன் முகத்தை மட்டும் உங்கள் வாய்ப்பக்கம் திருப்பினாலே பாதித் தொல்லை போய்விடும்.

மீதிக்குப் பாப் ஃபில்டர். வாங்க வேண்டும் என்றில்லை. பூத்தையலுக்குப் பயன்படும் வட்டச் சட்டம் ஒன்றும் பழைய நைலான் ஸ்டாக்கிங்கும் போதும். ஸ்டாக்கிங்கை இரண்டு மடிப்பாகச் சட்டத்தில் முறுக்காக இழுத்து மாட்டுங்கள். சட்டம் கிடைக்காவிட்டால், துணி மாட்டும் கம்பி ஹேங்கரை வட்டமாக வளைத்து அதன்மேல் போர்த்தலாம். மைக்கிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இதை நிறுத்தி, அதிலிருந்து இன்னும் நான்கு விரற்கடை தள்ளி வாய் இருக்கட்டும். மைக்கோடு ஒட்டி வைத்தால் பயனில்லை. வலையில் சிதறிய காற்று அடங்க இடம் வேண்டும்.

இப்போது ‘பாசிர் கூடாங்’ என்று மட்டும் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். ‘பா’ இன்னும் இடித்தால் வலையை மைக்கிலிருந்து மேலும் தள்ளுங்கள். ‘சி’ மங்கிக் கேட்டால் துணி தடிமன். ஒரு மடிப்பைக் குறையுங்கள்.

உதடு ஒட்டிப் பிரியும் ‘ச்சப்’ சத்தத்துக்கு இந்த வலை உதவாது. அது காற்றல்ல, எச்சில். வாய் வறண்டு எச்சில் பிசுபிசுப்பாகும்போது வருவது. குளிரூட்டி அறையில் வாய் சீக்கிரம் காயும், அதன் இரைச்சலும் பதியும். பதியும் நேரத்தில் அணைத்துவிடுங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைச் சிறு மிடறுகளாகக் குடியுங்கள். தே தாரிக் பதிவு முடிந்த பிறகு. பச்சை ஆப்பிளில் ஒரு துண்டு கடிப்பது குரல் கலைஞர்களின் பழைய பழக்கம். வரியைத் தொடங்குமுன் வாயைச் சற்றுத் திறந்து மூச்செடுங்கள்; மூடிய வாயை அப்போதுதான் திறந்தால் முதல் எழுத்துக்கு முன்னால் ‘ச்சப்’ நிச்சயம்.

தப்பி வந்ததை ஆடாசிட்டியில் பாருங்கள். அலைவடிவில் அகலமான பெரிய மேடு தெரிந்தால் அது ‘டப்’. அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து High-Pass Filter-ஐ 100 ஹெர்ட்ஸில் போடுங்கள். முழுப் பதிவுக்கும் போட்டால் கனத்த குரல் மெலிந்துவிடும். ஊசிபோல் மெல்லிய கோடு ‘ச்சப்’. சொற்களுக்கு இடையே இருந்தால், அங்கே அறையின் வெற்றுச் சத்தத்தை ஒட்டி மறைக்கலாம். சொல்லுக்குள்ளேயே இருந்தால் வெட்டி ஒட்டிப் போராட வேண்டாம், அந்த வரியை மீண்டும் வாசித்துவிடுங்கள்.