கல்லைப் பிளக்கும் துரு

வேதியியல் வகுப்பில் இரும்பு துருப்பிடித்தல் என்பது அரைப்பக்கப் பாடம். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும், உப்பு அதை விரைவுபடுத்தும் என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். அந்த அரைப்பக்கத்திற்குள் கருங்கல்லையே பிளக்கும் ஆற்றல் அடங்கியிருப்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பூம்புகார்க் கடற்கரையை அடுத்து வாழும் எனக்கு அது தினமும் கண்ணில் படுகிற காட்சி.

கட்டடத்தில் அடுத்தடுத்துள்ள இரு கற்கள் விலகாமல் இருக்க, இரண்டின் தலையிலும் பள்ளம் வெட்டி, இரு முனையும் கீழ்நோக்கி மடங்கிய இரும்புப் பட்டை ஒன்றைப் பதிப்பது உண்டு. இதைக் கவ்வி என்று சொல்லலாம். சுவர் கட்டி முடிந்ததும் கவ்வி கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் நினைவிலிருந்தும் போய்விடும்.

இரும்பு துருவாக மாறும்போது ஆக்சிஜனையும் நீரையும் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் அதன் பருமன் பெருகுகிறது. துருவின் வகையைப் பொறுத்து, கரைந்த இரும்பைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இடம் அதற்குத் தேவைப்படும். நீர் மிகுந்த துருவுக்கு இன்னும் அதிகம். திறந்த வெளியில் இதனால் தீங்கில்லை, துரு உதிர்ந்துவிடும். கல்லுக்குள் உதிர்வதற்கு இடம் ஏது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கவ்வியின் ஒரு பக்கத்தில் கால் மில்லிமீட்டர் இரும்பு துருவாகிறது, பருமன் மூன்று மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். இருந்த கால் போக, புதிதாக அரை மில்லிமீட்டர் இடம் வேண்டும். இரு பக்கமும் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். கருங்கல் அமுக்கத்தைப் பெரிதும் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் வலிமையோ அதில் பத்திலொரு பங்குகூட இருக்காது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள கருங்கல்லை இழுத்தால், ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் நீண்டதுமே அது முறிந்துவிடும். நம் கவ்வி கேட்பது அதைப்போல் ஐம்பது மடங்கு. துருவில் பெரும்பகுதி சந்துகளை நிரப்பிக்கொண்டாலும், மிஞ்சியது கல்லைப் பிளக்கப் போதும். கவ்வியின் குறுக்களவு முழுவதும் துருவாக வேண்டும் என்பதில்லை. உள்ளே இரும்பு பெரும்பகுதி நல்ல நிலையில் இருக்கும்போதே வெளியே கல் உடைந்திருக்கும்.

அப்படியானால் பழங்காலத்தார் இரும்பை ஏன் கல்லில் வைத்தார்கள் என்று கேட்கலாம். ஏதென்சு நகரின் பார்த்தினான் கோயில் இதற்கு விடை தருகிறது. கி.மு. 447இல் தொடங்கிய அந்தப் பளிங்குக் கோயிலில் இரும்புக் கவ்விகள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றையும் பள்ளத்தில் வைத்து, சுற்றிலும் உருக்கிய காரீயத்தை ஊற்றினார்கள். காரீயம் நீரையும் காற்றையும் இரும்பிடம் அண்டவிடாது; மெதுவான உலோகமாதலால் சிறிய அசைவுகளுக்கும் வளைந்து கொடுக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கவ்விகளில் பல நல்ல நிலையிலேயே கிடைத்தன.

1898ஆம் ஆண்டிலிருந்து 1933 வரை அங்கே பழுது பார்த்தவர் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர். சரிந்து கிடந்த தூண்களை அவர் எழுப்பி நிறுத்தினார். ஆனால் புதிய இரும்புக் கவ்விகளைக் காரீயக் காப்பு இல்லாமலே பதித்தார். சில பத்தாண்டுகளிலேயே அவை துருப்பிடித்துப் பளிங்கைச் சிதறடித்தன. இரண்டாயிரம் ஆண்டு வெயிலும் மழையும் செய்யாத சேதத்தைப் பழுதுபார்ப்பே செய்துவிட்டது. அந்நினைவுச் சின்னங்களைக் காக்க 1975இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பணியில் பலானோஸின் கவ்விகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு, துருப்பிடிக்காத டைட்டானியம் கவ்விகள் வைக்கப்பட்டன. நம் நாட்டிலும் தாஜ்மகாலின் பளிங்குப் பலகைகளைச் சுவரோடு பிணைத்திருந்த இரும்புப் பிடிகள் இதே போலத் துருவேறிக் கல்லைப் பிளந்ததுண்டு.

காரீயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது உறையும்போது சுருங்கும். ஊற்றிய பின் மழுங்கிய உளியால் தட்டி இறுக்காவிட்டால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும். அதன் வழியே உப்புநீர் புகுந்தால் இரும்பும் காரீயமும் ஒரு மின்கலமாகி, கரைவது இரும்பாகவே இருக்கும். அரைகுறைக் காப்பு ஆபத்தானது.

பூம்புகாரில் கடற்காற்று உப்பைச் சுமந்து வந்து கல் இணைப்புகளில் படியவிடுகிறது. குளோரைடு அயனி, இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வதால் உப்புப் படிந்த இடம் மழையில்லாத நாளிலும் உலர்வதில்லை. மேலும் இது வண்டல் மண் பூமி. தோண்டினால் களிமண் வருமே தவிரக் கல் வராது. இங்கே உடைகிற ஒவ்வொரு கல்லும் வெளியூரிலிருந்து வந்த கல்.

கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கைப்பிடிச் சுவரை அண்மையில் நின்று பார்த்தேன். மேல்மூடு கற்களில் ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் ஏறக்குறைய ஒரு சாண் தொலைவில், ஒரே மாதிரியான வெடிப்பு. அந்த ஒழுங்குதான் அடையாளம். அடித்தளம் அமிழ்ந்து வரும் வெடிப்பு பல வரிசைக் கற்களைக் கடந்து சாய்வாக ஓடும். கவ்வி உண்டாக்கும் வெடிப்போ இணைப்பை அடுத்தே நின்று, அடுத்த இணைப்பில் திரும்பவும் வரும். சில இடங்களில் பழுப்புக் கறை வழிந்திருந்தது. கறை இல்லாத இடத்திலும் சிறு மரச் சுத்தியால் தட்டினால் பொள்ளென்ற ஒலி கேட்டது; உள்ளே ஒரு சில்லு விலகிவிட்டதென்று பொருள். இரும்பு எங்கே முடிகிறது என்பதை வலிமையான காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டே ஓரளவு அறியலாம். ஆழத்தில் இருந்தால் உலோகம் காட்டும் கருவி வேண்டும்.

பிளவைச் சிமெண்டால் பூசி மூடுவது பலரும் செய்கிற வேலை. துரு உள்ளேயே வளரும். இரண்டொரு மழைக்காலத்தில் பூச்சோடு கல்லும் பெயரும். இரும்பை எடுப்பதே மருந்து. அதையும் கடப்பாரையால் நெம்பி எடுக்கக்கூடாது, ஏற்கெனவே நொந்த கல் அப்போதுதான் உடையும். பழைய காரை அல்லது காரீயம் உள்ள பகுதியிலே கவ்வியின் இருபுறமும் வரிசையாகச் சிறு துளைகள் இட்டு, அதைத் தளர்த்தி, மேல்நோக்கித் தூக்க வேண்டும். மேல் வரிசைக் கற்களின் கீழே புதைந்த கவ்வியானால் அக்கற்களை இறக்காமல் இது ஆகாது.

அடுத்து உப்பு. பள்ளத்தை நன்னீரால் பலமுறை கழுவி, ஈரமான காகிதக் கூழை அப்பி உலரவிட்டுப் பெயர்க்க வேண்டும். உப்பு அதனுள் வந்துவிடும். உப்புப் போனதா என்று அறிய நம் ஆய்வுக்கூடச் சோதனையே போதும். கடைசியாக அப்பிய கூழைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஒரு துளி நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டால் வெண்மைக் கலங்கல் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கழுவுவதற்கு நம் கடலோரக் கிணற்று நீர் உதவாது. அது தானே உப்பு. மழைநீரைச் சேர்த்துக்கொள்வது மேல்.

புதிய கவ்வி எவர்சில்வர் இனத்தைச் சேர்ந்த எஃகாக இருக்கலாம். ஆனால் நம் வீட்டுப் பாத்திரத்தின் எஃகு கடற்கரையில் புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 என்ற வகையே இங்கு ஏற்றது. பள்ளத்தில் சற்றே தளர்வாக வைத்துச் சுண்ணாம்புக் காரையால் நிரப்பலாம். உடைந்த சில்லுகளை அதே எஃகின் மெல்லிய ஆணிகளாலும் எபாக்சிப் பசையாலும் ஒட்டலாம். பசையை முகம் முழுவதும் பூசாமல் புள்ளிகளாக வைத்தால் கல்லின் ஈரம் வெளியேற வழியிருக்கும்.

எடுத்தால் சிற்பமே சிதையும் என்ற நிலையில் கவ்வியை உள்ளேயே விட்டு, அதற்குச் சிறிய நேர்மின்னோட்டத்தை இடைவிடாமல் செலுத்தி, அதை எதிர்மின் முனையாக்கித் துருவை அடக்கும் முறையும் உண்டு. எல்லாக் கவ்விகளுக்கும் தனித்தனிக் கம்பி இணைப்பு வேண்டும். மின்னோட்டத்தை ஆண்டுதோறும் அளந்து பார்க்க ஆள் வேண்டும். பிளந்த கல் அதனால் ஒட்டிக்கொள்ளாது. மேலும் பிளக்காமல் இருக்கும், அவ்வளவே.