கோலாட்டம்: எண்ணிக்கை எங்கே தவறுகிறது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். ஆண்டு விழாவுக்கு மாணவிகளும் மாணவர்களுமாக 16 பேரை வைத்துக் கோலாட்டம் ஆட வைக்க ஆசை. நான்கு வாரம் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு பீரியட் கிடைக்கும். கைப்பேசியில் வீடியோ போட்டுக் காட்டினேன். பாதிப் பேர் இடது பக்கம் போகிறார்கள், பாதிப் பேர் வலது பக்கம். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சத்தமாக எண்ணினாலும் கோல் ஒன்றாக விழவில்லை. இரண்டு பேருக்கு விரலில் அடிபட்டுவிட்டது. நான் நடனம் கற்றவள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: கோலைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள். முதல் இரண்டு வகுப்பும் வெறுங்கையால்தான். கும்மியில் தட்டுவதுபோலக் கைதட்டி எண்ணிக்கையை உடம்பில் ஏற்றிவிட்டால், கோல் கைக்கு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

உங்கள் எண்ணிக்கை ஏன் சிதறுகிறது என்று பாருங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு: எல்லாமே ஈரசைச் சொற்கள். ‘ஒண்’ணில் ஒரு பிள்ளை தட்டும், ‘ணு’வில் இன்னொன்று தட்டும். இருவரும் சரியாக எண்ணுவதாகத்தான் நினைப்பார்கள். அதனால் எண்ணுக்குப் பதிலாகச் சொற்கட்டைச் சொல்லுங்கள்: த க தி மி, த க ஜு ணு. எட்டு எழுத்து, எட்டுத் தட்டு. எழுத்துக்கு ஒரு தட்டு என்பதால் தவற இடமில்லை. சுவர்க்கடிகாரத்தின் நொடிக்கு ஒரு தட்டாக ஆரம்பியுங்கள். நீங்கள் சொல்வதைவிட, பிள்ளைகளே வாய்விட்டுச் சொல்லித் தட்டுவது முக்கியம். வாய் நின்றால் கையும் தடுமாறும்.

இனி அடவு. முதல் மேடைக்கு இந்த எட்டுத் தட்டே போதும். ஒன்றில் தன் கோல்கள் இரண்டையும் சேர்த்துத் தட்ட வேண்டும். இரண்டில் வலது காலை முன்வைத்து, எதிரில் நிற்பவரின் வலது கோலில் தன் வலது கோலைத் தட்ட வேண்டும். மூன்றில் காலைப் பின்னிழுத்து மறுபடி தன் கோல். நான்கில் இடது கால், இடது கோல். ஐந்தில் காலை இழுத்து, முழங்கால் மடக்கிக் கீழே தன் கோல். ஆறில் நிமிர்ந்து தலைக்கு மேலே தன் கோல். ஏழில் வலது காலைப் பக்கவாட்டில் வைத்து, எட்டில் இடது காலைச் சேர்க்க வேண்டும். கடைசி இரண்டு தட்டில் கோலுக்கு வேலை இல்லை, கால்தான் நகரும்.

கால் வேலையைச் சொல்லித்தரும்போது பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, அவர்களைப் பார்த்து நில்லுங்கள். ‘வலது’ என்று சொல்லி உங்கள் இடது காலை எடுத்து வையுங்கள். கண்ணாடியைப் பார்த்து ஆடுவதுபோல அவர்களுக்குச் சுலபமாக வந்துவிடும். வீடியோவில் ஆடுபவர் இப்படி மாற்றி ஆடியிருக்க மாட்டார். அதைக் கண்ணாடியாக நினைத்துப் பார்த்தவர்கள் இடது பக்கம் போனார்கள், யோசித்துத் திருப்பிக்கொண்டவர்கள் வலது பக்கம் போனார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். உங்களுக்கு மட்டும் அதை இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு ‘கயிற்றுப் பக்கம்’ என்றால் போதும்.

ஆனால் கண்ணாடி முறை கோலுக்கு உதவாது. கோலாட்டம் கற்றுத்தருபவர்கள் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். எதிரெதிரே நிற்கும் இருவரில், என் வலது கைக்கு நேர் எதிரே இருப்பது உங்கள் இடது கை. வலது கோல் வலது கோலைத் தொட வேண்டுமானால் இரண்டும் நடுவில் குறுக்காக வந்தாக வேண்டும். கண்ணாடிபோலப் பார்த்துப் பழகிய பிள்ளை கோலை நேராக நீட்டும். அங்கே எதிராளியின் இடது கை இருக்கிறது, விரலில் அடி விழுகிறது. ஆகவே கோல் வேலையை முன்னால் நின்று காட்டாதீர்கள். ஒரு மாணவியை ஜோடியாக வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு உங்கள் பக்கவாட்டுத் தோற்றம் தெரியும்படி நின்று காட்டுங்கள். இருவர் கோலும் குறுக்காகப் போவது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கோலை அடியிலிருந்து மூன்று விரல் அளவு விட்டுத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். மேல்பாதி மட்டும், மார்பு உயரத்தில் தொட வேண்டும். அடிக்க வேண்டியதில்லை, தொட்டாலே சத்தம் வரும்.

கோல் வந்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எல்லோரும் சேர்ந்து விழுந்தால் ஒரே ‘டக்’. ‘டகடக’ என்று உதிர்ந்தால், எத்தனையாவது தட்டில் உதிர்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஆறில்தான் இருக்கும். அடுத்து நகர வேண்டுமே என்ற அவசரத்தில் கை முந்திவிடும். அந்த ஐந்து, ஆறு, ஏழை மட்டும் தனியாக எடுத்துப் பழக்குங்கள். முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஆட வைத்தால், சரியாக வருகிற பகுதிதான் இன்னும் சரியாகும்.

வட்டத்துக்கு வருவோம். எட்டுப் பேர் உள்வட்டம், வெளியே பார்த்து. எட்டுப் பேர் வெளிவட்டம், உள்ளே பார்த்து. ஏழு, எட்டில் வெளிவட்டம் மட்டும் தன் வலப்பக்கம் ஒரு ஆள் நகரும். உள்வட்டம் நின்ற இடத்திலேயே கால் மாற்றும். எட்டு முறை நகர்ந்தால், அதாவது 64 தட்டு முடிந்தால், எல்லோரும் முதல் ஜோடியிடமே வந்து நிற்பார்கள். யாராவது வேறு ஆளின் எதிரே நின்றால் இடையில் எங்கோ தவறியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். இரண்டு வட்டமும் சேர்ந்து நகர்ந்தால் பார்க்க அழகுதான். ஆனால் எதிரெதிர்த் திசையில் இரண்டு இரண்டு ஆளாகத் தாண்டிப்போகும். தொலைந்த பிள்ளை திரும்பிச் சேர வழியே இருக்காது. உள்வட்டம் நிலையாக நின்றால், தவறியவர் அடுத்த ஆளின் முன்னால் போய் நின்றுவிடலாம். எண்ணிக்கை உறுதியான பிள்ளைகளை உள்வட்டத்தில் போடுங்கள். வட்டம் கட்டிய பிறகு நீங்கள் நடுவில் நின்று கண்ணாடி காட்ட முடியாது, உள்வட்டம் உங்களுக்கு முதுகு காட்டி நிற்கும், வெளிவட்டத்திலும் பாதிப் பேருக்கு உங்கள் முதுகுதான் தெரியும். அதனால் கால் வேலை வரிசையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

பின்னல் கோலாட்டம் கேட்பார்கள், இந்த ஆண்டு வேண்டாம். கயிற்றைப் பிடித்தபடி மாறி மாறிக் கடக்கும் ஆட்டம் அது. ஒருவர் தவறினால் பின்னல் சிக்கி எல்லோரும் நிற்க வேண்டிவரும்.

விழாவன்று பதிவுப் பாட்டை நம்பாதீர்கள். ஒலிபெருக்கி சத்தத்தில் பிள்ளைகளுக்குத் தங்கள் கோல் சத்தம் கேட்காது. இரண்டு பேர் நேரில் பாடட்டும், ஒருவர் தாளம் போடட்டும். வேகம் நிமிடத்துக்கு 90 தட்டுக்கு மேல் வேண்டாம். அந்த வேகத்தில் 64 தட்டு சுமார் 43 விநாடி. மூன்று முறை ஆடினால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம், முதல் மேடைக்கு அது நிறைவான நேரம். கோல் கைநழுவினால் உடனே குனியக் கூடாது என்பதையும் ஒத்திகையிலேயே சொல்லிவையுங்கள். இருக்கும் கோலோடு ஆட்டத்தைத் தொடர வேண்டும், 64 முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. இந்த இரட்டை வட்டத்துக்குக் குறைந்தது 20 அடி அகலமும் 20 அடி ஆழமும் வேண்டும். நாளைக்கே டேப் எடுத்துப்போய் மேடையை அளந்து பாருங்கள். போதவில்லை என்றால், மேடைக்கு முன்னாலுள்ள தரையில் ஆட இப்போதே தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.